வெள்ளை கேன்வாஸ் ஷூ மஞ்சளாகித் திரும்பி வந்த கதை

துவைக்கக் கொடுத்த ஷூ, கொடுத்ததைவிட மோசமான நிறத்தில் திரும்பி வந்தால் யாரிடம் போய் முறையிடுவது? மகளின் வெள்ளை கேன்வாஸ் ஷூவைப் பாலக்காட்டில் ஒரு சலவைக் கடையில் கொடுத்திருந்தேன். அடிப்பக்கம் முழுக்கப் பள்ளி மைதானத்துச் செம்மண் சேறு, கணுக்கால் விளிம்பில் வியர்வைக் கறை. வாங்கப் போனபோது சேறு போயிருந்தது. ஆனால் முன்பகுதியிலும் தையல் ஓரங்களிலும் டீ சிந்திக் காய்ந்தது போல மஞ்சள் திட்டுகள்.

"துணி பழையது சார், நாங்கள் என்ன செய்வது?" என்றார் கடைக்காரர். இந்தப் பள்ளி ஆண்டில் வாங்கிய ஷூ அது. பக்கத்தில் போனாலே ப்ளீச் வாடை அடித்தது. போட்டீர்களா என்று கேட்டால், "கொஞ்சம்தான்" என்று பதில். எங்கே காய வைத்தீர்கள் என்றதற்கு, "மொட்டை மாடியில், நல்ல வெயிலில்" என்று பெருமையாக வேறு சொன்னார். பணத்தைக் கொடுத்தால்தான் ஷூ கைக்கு வரும் என்பதால் கொடுத்துவிட்டு, கொழிஞ்சாம்பாறைக்கு பஸ் ஏறினேன்.

வீட்டில் அம்மா சொட்டு நீலம் போடச் சொன்னார். நீலம் மஞ்சளை எடுக்காது, மறைக்க மட்டுமே செய்யும். தடித்த கேன்வாஸில் அது சீராக ஏறாமல் திட்டுத் திட்டாக நிற்கும். நல்ல வேளையாகத் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் மச்சானைத் தொலைபேசியில் பிடித்தேன். அவன் முதலில் கேட்ட கேள்வி, "உங்கள் ஊர்த் தண்ணீர் வாளியில் செங்காவி படிய வைக்குமா, மாமா?" என்பதுதான். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான். கடைக்காரரின் தண்ணீரும் அந்த மாதிரியாக இருந்திருக்கலாம். செம்மண்ணின் நிறமே இரும்பால் வருவது. தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பைக் குளோரின் ப்ளீச் துருவாக்கி நூலிலேயே உட்கார வைத்துவிடும். ஆக, வெளுக்கப் போட்ட மருந்தே சாயம் ஏற்றியிருக்கிறது.

இன்னொரு காரணம் சரியாக அலசாதது. சோப்பும் சோடாவும் துணிக்குள் தங்கியிருந்தால், காயும்போது நீர் அவற்றைக் கரைத்து இழுத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வரும். நீர் ஆவியாகிவிடும், அவை அங்கேயே நிற்கும். கடைசியாகக் காய்கிற இடங்களான முன்பகுதியிலும் தையலிலும் மஞ்சள் கூடுதலாகத் தெரிவது இதனால்தான். நேர் வெயில் அதை இன்னும் கருக வைக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க நம் அடுக்களையிலேயே வழி இருக்கிறது. ஷூவை நனைத்து, துணியைப் பிழிந்து, வரும் நீரை ஒரு கிண்ணத்தில் பிடியுங்கள். இன்னொரு கிண்ணத்தில் வெறும் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் சிட்டிகை மஞ்சள் தூள் போடுங்கள். ஷூ நீர் மட்டும் சிவந்தால் சோப்பு, சோடாவின் காரத்தன்மை உள்ளே இன்னும் இருக்கிறது என்று பொருள். எங்கள் கிண்ணம் குங்குமம் கரைத்த நிறத்துக்குப் போனது. அந்தக் கிண்ணத்தைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. சோடா கலக்காத திரவ சோப்பு என்றால் இந்தச் சோதனை எதையும் காட்டாது. அப்போது நுரை வருகிறதா என்று கையால் தேய்த்துப் பார்ப்பதுதான் வழி.

மீட்டெடுத்த கதைக்கு வருகிறேன். மச்சான் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னான்: "இரும்பை எடுக்காமல், வெளுப்பதற்கான ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிவிடாதீர்கள். துரு இருக்கிற இடத்தில் பெராக்சைடு வேகமாகச் சிதைந்து நூலையே அரித்துவிடும்." அதனால் முதலில் ப்ளீச் வாடை அறவே போகும் வரை வெறும் தண்ணீரில் அலசினோம். இதை அவசரப்படுத்தக் கூடாது. ப்ளீச் மிச்சமிருக்கும் துணியில் வினிகரோ எலுமிச்சையோ பட்டால் நச்சு வாயு கிளம்பும். வாடை போன பிறகு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்து, அதில் நனைத்த வெள்ளைத் துணியை மஞ்சள் திட்டுகளின் மேல் அரை மணி நேரம் போர்த்தி வைத்தேன். ஷூவை முழுதாக ஊறப் போடவில்லை, பசை விட்டுவிடும். திட்டுகள் கண்ணெதிரே வெளிறின. துரு கரைந்த அந்த நீரை நன்றாக அலசி வெளியேற்றினோம்.

மிச்சமிருந்த மங்கலுக்கும் கணுக்கால் விளிம்புக்கும்தான் பெராக்சைடு. மருந்துக் கடையில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம். அதைச் சம அளவு தண்ணீரில் கலந்து, ஆப்ப சோடாவோடு குழைத்துப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தடவினால் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் வைக்காமல், காய விடாமல், அரை மணியில் கழுவிவிட வேண்டும். வியர்வைக் கறையில் உப்பு மட்டுமல்ல, உடம்பின் எண்ணெய்ப் பசையும் உண்டு. ஆகவே அதற்கு முன்பே பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்திருந்தேன். கொதிநீர் ஊற்றினால் அந்தக் கறை துணியோடு இறுகிவிடும்.

கடைசி அலசலுக்கு ஆழ்துளைத் தண்ணீரைத் தொடவே இல்லை. மழை பிடித்துக்கொண்ட நேரம் அது. ஓட்டின் முதல் நீரை வடிய விட்டு, அடுத்து வந்ததை வாளியில் பிடித்து அதிலேயே அலசினோம். ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து ஒரு முக்கு, பிறகு மறுபடி வெறும் மழைநீர். இப்போது மஞ்சள் தூள் மஞ்சளாகவே இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அதைக் காட்டினேன்.

காய வைக்கும்போதும் ஒரு வேலை உண்டு. ஈரமான ஷூவின் மேல் எழுத்தில்லாத வெள்ளை டிஷ்யூ தாளை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிவிட வேண்டும். மேற்பரப்புக்கு வரும் மிச்ச அழுக்கு துணியில் நிற்காமல் தாளில் போய் நிற்கும். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறிவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில் வைத்தோம். உரித்த தாளில் இளமஞ்சள் வளையங்கள் இருந்தன, ஷூவில் இல்லை.

சேறு பட்ட ஷூவைப் புதிதாகத் துவைப்பவர்களுக்கு இத்தனை பாடு கிடையாது. சேற்றை ஈரத்தோடு தேய்க்காதீர்கள், மண் நூலுக்குள் இறங்கிவிடும். முழுதாகக் காய விட்டு, இரண்டு ஷூவையும் ஒன்றோடொன்று தட்டி, காய்ந்த பிரஷ்ஷால் உதிர்த்தாலே முக்கால்வாசி போய்விடும். நாடாவையும் உள் அட்டையையும் கழற்றித் தனியாகத் துவையுங்கள். மீதிக்குக் கொஞ்சம் திரவ சோப்பு, நிறைய அலசல், தாள், நிழல். ப்ளீச் வேண்டவே வேண்டாம்.

ரப்பர் விளிம்பும், அதை ஒட்டிப் பசை கசிந்த மெல்லிய கோடும் மட்டும் பழைய நிறத்துக்குத் திரும்பவில்லை. ப்ளீச்சும் வெயிலும் ரப்பரையும் பசையையுமே மாற்றிவிட்டால் எலுமிச்சை உப்பாலும் பெராக்சைடாலும் அதைத் திருப்ப முடியாது. மகள் அந்த விளிம்பில் பச்சை நிறக் கோடு ஒன்றை வரைந்துகொண்டு பள்ளிக்குப் போகிறாள்.