தமிழ்வழிச் சான்று வாங்கப் போய் ஐயா, அம்மா, அருட்சகோதரி படித்த கதை

அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை என்று 2010இல் சட்டம் வந்தது எல்லாருக்கும் தெரியும். 2020இல் அதைத் திருத்திய பிறகு, பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும் என்று ஆனது. ஆகவே தொடக்கப்பள்ளி, உயர்நிலை மேல்நிலை படித்த பள்ளி, கல்லூரி என்று எல்லா இடத்துத் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். படிவத்தைப் பதிவிறக்கி நிரப்பியதெல்லாம் ஒரு மாலை வேலை. நான் போன மூன்று இடங்களிலும் படிவத்தோடு ஒரு கோரிக்கைக் கடிதமும் கேட்டார்கள். அந்தக் கடிதம்தான் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

மன்னார்குடி பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இதற்கென்றே ஒரு கடிதம் வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றி அச்செடுத்துத் தருவார்கள். தலைமையாசிரியர், முதல்வர், வட்டாட்சியர் யாருக்கென்றாலும் அதே கடிதம்தான். “ஐயா” என்று இருக்கிறதே, அங்கே இருப்பது டீச்சர் அல்லவா என்று கேட்டேன். “எல்லாரும் இப்படித்தான்க்கா கொண்டுபோறாங்க” என்றார் கடைத்தம்பி. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் நீடாமங்கலம் பக்கத்தில் நான் படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. வழக்கம்போல ரயில்வே கேட் போட்டிருந்தது. வெயிலில் நின்று, போய்ச் சேரும்போது மதிய உணவு நேரம். தொடக்கப்பள்ளியில் எழுத்தர் என்று யாரும் கிடையாது, வருகைப் பதிவேட்டிலிருந்து சேர்க்கைப் பதிவேடு வரை எல்லாம் தலைமையாசிரியர் பொறுப்புதான். தலைமையாசிரியர் அம்மா கடிதத்தை வாங்கிப் பார்த்தார்கள். சிவப்பு மைப் பேனாவை எடுத்தார்கள். “என்னம்மா, எனக்கு மீசையா இருக்கு? ஐயாங்குற?”

அதோடு விடவில்லை. கடைக் கடிதத்தில் ‘அனுப்புனர்’, ‘பெறுனர்’ என்று இருந்தது. இரண்டையும் சுழித்து ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்று மேலே எழுதினார்கள். கடைசியில் ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்’ என்று வருகிறதே, அங்கே பேனா நின்றது. “மாணவன் இல்ல, மாணவி. அதுவும் பள்ளிக்கூடத்த விட்டு இத்தன வருஷம் ஆச்சு, இன்னும் என்ன கீழ்ப்படிதல்? முன்னாள் மாணவின்னு போடு.”

திட்டினாலும் சொல்லிக்கொடுத்தார்கள். பதவிப் பெயர் ஆணானாலும் பெண்ணானாலும் ‘தலைமையாசிரியர்’தான், ‘தலைமையாசிரியை’ என்று எழுதினாலும் யாரும் திருப்பித் தரமாட்டார்கள். ஆனால் விளி மட்டும் பார்த்து எழுத வேண்டும். ஆண் என்றால் ‘ஐயா’, பெண் என்றால் ‘அம்மா’ அல்லது ‘அம்மையீர்’. யார் என்று தெரியாவிட்டால் ‘ஐயா / அம்மா’ என்று இரண்டையும் போட்டுவிட்டு, போன இடத்தில் விசாரித்து ஒன்றை அடித்துவிடலாம். முன்னால் ‘மதிப்பிற்குரிய’ சேர்த்தால் போதும். ‘பெறுநர்’ என்று தலைப்புப் போட்ட பிறகு கீழே ‘தலைமையாசிரியர் அவர்களுக்கு’ என்று எழுதத் தேவையில்லை, ‘தலைமையாசிரியர் அவர்கள்’ போதும். வெள்ளைத்தாளும் அவர்களே கொடுத்தார்கள். வகுப்பறைப் பெஞ்சில் உட்கார்ந்து கையால் எழுதிக் கொடுத்தேன். சேர்க்கைப் பதிவேட்டில் என் பெயரைத் தேடி எடுத்து அன்றைக்கே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

திருமணமான பெண்கள் இங்கே ஒன்று கவனியுங்கள். இப்போது எனக்குக் கணவர் பெயரின் தலைப்பெழுத்து. பள்ளிப் பதிவேட்டில் அப்பாவின் தலைப்பெழுத்து. அனுப்புநர் இடத்தில் இப்போதைய பெயரை எழுதிவிட்டு, கடிதத்தின் முடிவில் ‘தங்கள் முன்னாள் மாணவி’ என்பதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பள்ளியில் இருந்த பெயர், படித்த ஆண்டுகள், மாற்றுச் சான்றிதழில் இருக்கும் சேர்க்கை எண் மூன்றையும் எழுதுங்கள். பதிவேட்டைப் புரட்டுகிறவருக்கு வேலை பாதியாகிவிடும்.

அடுத்தது ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பள்ளி. அரசு உதவி பெறும் பள்ளி, கன்னியர்கள் நடத்துவது. அங்கேதான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. புதுத் தலைமையாசிரியர் பெயரை வெளியே பலகையில் பார்த்துக்கொண்டேன். பக்கத்துக் கடையில் தட்டச்சு செய்யச் சொன்னபோது கடைக்காரர் தன் வழக்கப்படி பெயருக்கு முன்னால் ‘திருமதி’ போட்டுவிட்டார். கன்னியருக்குத் திருமதி! அலுவலக எழுத்தர் அதைப் பார்த்தார். பார்த்தது எனக்குத் தெரியும், அந்த வரியில் அவர் விரல் நின்றது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. “வச்சுட்டுப் போங்க, சிஸ்டர் வந்ததும் காட்டுறேன்” என்றார். அடுத்த வாரம் போனால் கடிதம் அதே தட்டில் இருக்கிறது. “திருமதின்னு போட்ருக்கீங்க, எப்படிம்மா காட்டுறது?” என்கிறார். அன்றைக்கே சொல்லியிருந்தால் வாசலில் நின்று மாற்றியிருப்பேனே!

சரி என்று அங்கேயே வேறு எழுத உட்கார்ந்தால் அடுத்த குண்டு. “இது மேனேஜ்மென்ட் ஸ்கூல், தாளாளர் பேருக்கு எழுதுங்க” என்றார். எழுதினேன். தாளாளர் அலுவலகம் வேறு வளாகத்தில். அங்கே இருந்த பெரியவர் படித்துவிட்டு, “மாணவர் பதிவேடெல்லாம் தலைமையாசிரியர்கிட்டதானம்மா இருக்கு, சான்றுல கையெழுத்தும் அவங்கதானே போடணும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். தாளாளர் பார்ப்பது பள்ளி நிர்வாகம். பழைய மாணவர் கேட்கும் சான்றுக்கு அவர் பெறுநர் ஆகமாட்டார். யார் கையெழுத்துப் போடப்போகிறாரோ அவர்தான் பெறுநர். உதவி பெறும் பள்ளியில் யாராவது தாளாளர் பெயரைச் சொன்னால் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக நேரே சிஸ்டரைப் பார்த்தேன். ‘அருட்சகோதரி’ என்று பெயருக்கு முன்னால், அடுத்த வரியில் ‘தலைமையாசிரியர்’, விளி ‘மதிப்பிற்குரிய அருட்சகோதரி அவர்களுக்கு’ என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பாதிரியார் நடத்தும் பள்ளி என்றால் ‘அருட்தந்தை’. பெயரே போடாமல் பதவியை மட்டும் எழுதினால் இந்தச் சிக்கலே கிடையாது என்பதை அதற்குப் பிறகுதான் ஒரு பழைய டீச்சர் சொன்னார்.

கல்லூரியில் அந்தப் பாடம் உடனே உதவியது. கல்லூரி இணையப் பக்கத்தில் இருந்த முதல்வர் பெயரை எடுத்து, முனைவர் பட்டத்தோடு எழுதி வந்திருந்த பையன் ஒருவன் எனக்கு முன்னால் நின்றான். அந்த முதல்வர் ஓய்வு பெற்றுவிட்டார், மூத்த பேராசிரியர் ஒருவர் பொறுப்பு முதல்வராக இருக்கிறார். உதவியாளர் கடிதத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார். என் கடிதத்தில் ‘முதல்வர் அவர்கள்’ என்று மட்டும் இருந்தது. ‘பொறுப்பு’ என்று எழுத வேண்டுமா என்று கேட்டேன். “அது அவர் கையெழுத்துப் போடும்போது போட்டுக்குவார், நீங்க போட வேணாம்” என்றார். சான்றில் ‘முதல்வர் (பொ)’ என்றுதான் முத்திரை இருக்கிறது.

அந்த வரிசையில் நின்றதில் இன்னும் இரண்டு கடிதம் பார்த்தேன். ஒன்றில் ‘மாண்புமிகு முதல்வர் அவர்கள்’. மரியாதை கூடட்டும் என்று போட்டிருப்பார் போல. “ஏம்பா, இத கோட்டைக்கு அனுப்பவா?” என்று உதவியாளர் கேட்டதும் வரிசையே சிரித்தது. மாண்புமிகு அமைச்சர்களுக்கு. கல்லூரிக்கு ‘உயர்திரு’ தாராளம், அதுகூட இல்லாமலும் போகலாம். இன்னொன்றில் ‘சான்றிதழை உடனடியாக வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று முடித்திருந்தார்கள். ஏதோ சுற்றறிக்கையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். மேலதிகாரி கீழே உள்ளவருக்கு எழுதும் நடை அது. முதல்வரிடம் கேட்கும்போது ‘வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’ அல்லது ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று, நான் கேட்பதாக முடிய வேண்டும். ‘உடனடியாக’ வேண்டவே வேண்டாம். அவசரம் என்றால் கடைசித் தேதியை எழுதிவிட்டால் அவர்களுக்கே புரியும்.

நான் கொடுத்த கடிதம் இதுதான். ஊர், பெயர், எண்கள் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்
(பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண்)

பெறுநர்
முதல்வர் அவர்கள்,
(கல்லூரி, ஊர்).

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: தமிழ்வழியில் பயின்றமைக்கான சான்று வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். நான் தங்கள் கல்லூரியில் 2011 முதல் 2014 வரை இளங்கலை வரலாறு தமிழ்வழியில் பயின்றேன். அரசுப் பணித் தேர்வுக்காக மேற்கண்ட சான்று தேவைப்படுகிறது. சான்றைப் பதிவேற்றக் கடைசி நாள் (தேதி). நிரப்பிய படிவம், மாற்றுச் சான்றிதழ் நகல், பட்டச் சான்றிதழ் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். சான்றினை வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நன்றி.

இடம்:
நாள்:

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் மாணவி,
(கையொப்பம்)
(கல்லூரியில் இருந்த பெயர், துறை, பதிவு எண்)

‘இப்படிக்கு’ போட்டால் ‘இங்ஙனம்’ வேண்டாம், இரண்டில் ஒன்று. இப்போது அங்கே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை எழுதினால் ‘தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி’ சரிதான். பெற்றோர் எழுதினால் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று போட்டு, பெயருக்குக் கீழே இன்ன வகுப்பு இன்னாரின் தாய் அல்லது தந்தை என்று எழுதினால் போதும்.

கடிதத்தை இரண்டு படி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையொப்பமும் அலுவலக முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளி எழுத்தரிடம் அப்படி வாங்கி வைத்திருந்தால், தட்டில் ஒரு வாரம் கிடந்த கடிதத்துக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டியிருந்திருக்கும். கல்லூரியில் கேட்டதும் மறுபேச்சில்லாமல் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள், சான்று இரண்டு நாளில் வந்தது.