இரவு வண்டிக் குறிப்புகள்

2025 ஏப்ரல் 24, வியாழன். திருச்சி ஓய்வறை.

எழும்பூரிலிருந்தே வண்டி தாமதம். விருத்தாசலத்துக்கு முன்னால் சிக்னலில் வெகுநேரம் நின்றோம். அரியலூரைத் தாண்டும்போது மணி இரண்டே முக்கால், ஐம்பத்தைந்து நிமிடம் பின்னால். அங்கே ஏறியவர்களின் டிக்கெட்டைப் பார்த்து முடித்து, லால்குடி தாண்டியதும் எஸ்-5 வழியாக வந்தேன். பக்கவாட்டு லோயரில் ஒரு பையன், ஷூவை மாட்டி, பையை மடியில் வைத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்லூரி மாணவன் என்று பார்த்தாலே தெரிந்தது.

“என்ன தம்பி, தூக்கம் போகலையா? திருச்சிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, கொஞ்சம் சாஞ்சுக்கோ” என்றேன்.

“நான் அரியலூர் சார். அடுத்தது அரியலூர்தானே?”

கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தேன். செங்கல்பட்டிலிருந்து அரியலூர் வரைதான் டிக்கெட். அரியலூர் தாண்டிவிட்டதைச் சொன்னேன். ஒரு நொடி பேசாமல் இருந்தவன் சட்டென்று எழுந்து கதவுப் பக்கம் போனான். கொள்ளிடம் பாலம் நெருங்கி வண்டி வேகம் குறைந்துகொண்டிருந்தது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவனுக்கு அது ஏதோ ஸ்டேஷன் வருவது போலத்தான் தோன்றும். இந்த வேலையில் நான் அதிகம் பயப்படுவது இந்த நிமிடத்துக்குத்தான். நிறுத்தம் போய்விட்டதென்று தெரிந்ததும் சிலர் குதித்துவிடுகிறார்கள், சிலர் சங்கிலியை இழுக்கிறார்கள். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். “முதல்ல தண்ணி குடி. அப்புறம் வீட்டுக்குப் போன் பண்ணு. மத்ததெல்லாம் பொறவு.”

அரியலூர் ஸ்டேஷன் வாசலில் பைக்கோடு நின்றுகொண்டிருந்த அப்பா முதல் மணியிலேயே எடுத்தார். பையனுக்குக் குரல் உடைந்தது. போனை வாங்கி, “அண்ணே, டிடிஇ பேசுறேன். பையன் பத்திரமா இருக்கான், திருச்சியில நானும் இறங்குறேன், கூடவே இருப்பேன்” என்றேன். “சாப்பிட்டானா சார்?” என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

ஏப்ரல் 25, வெள்ளி.

பையன் சொன்னதை எழுதிவைக்க வேண்டும். அலாரம் வைக்காமல் அவன் தூங்கவில்லை. செமஸ்டர் தேர்வுக்காக இரண்டு ராத்திரி கண் விழித்தவன், கால அட்டவணைப்படி அரியலூர் ஒன்று ஐம்பது என்று பார்த்து, ஒன்றரைக்கு அலாரம் வைத்திருக்கிறான். அது சரியாக அடித்தது. எழுந்து ஷூ மாட்டி, பையை எடுத்து உட்கார்ந்தான். வெளியே இருட்டில் வண்டி நின்றிருந்தது. காத்திருந்தான். நகரவில்லை. தலையை ஜன்னலில் சாய்த்தான், அவ்வளவுதான். அதன் பிறகு அவனை எழுப்ப அலாரமும் இல்லை. ஏசி பெட்டியில் உதவியாளர் உண்டு, ஸ்லீப்பரில் அப்படி யாரும் கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் தூங்குகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதால், நாங்களும் புதிதாக ஏறுபவர்களை மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறோம்.

ரசீது போடவேண்டி இருந்ததுதான் எனக்குக் கஷ்டம். அரியலூர் வருவதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தால் பயணத்தை நீட்டித்து, கூடுதல் கட்டணத்தோடு முடித்திருப்பேன். தாண்டிய பிறகு என்றால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதமும் சேரும். தெரிந்தே ஏமாற்றுபவனுக்கும் தூங்கிப்போனவனுக்கும் ஒரே அபராதம். இது மாறவேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் ரசீது இல்லாமல் விட்டால் திருச்சி வாசலில் நிற்கும் டிக்கெட் சோதனைக் குழு அவனை மறுபடி பிடிக்கும். அவன் அப்பா போனில் பணம் அனுப்பினார், ரசீதை எழுதிக் கொடுத்தேன். அது திருச்சியோடு முடிந்துவிடும், திரும்பிப் போக கவுண்டரில் தனி டிக்கெட் எடுக்கவேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். இல்லையென்றால் ரசீதைக் காட்டியே ஏறிவிடுவார்கள்.

டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். விடிந்ததும் சென்னைப் பக்கம் போகும் வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்வறைக்கு வந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்.

நேற்றைய வண்டியில் விழுப்புரம் தாண்டுவதற்குள் டேப்லெட்டில் விருத்தாசலம், அரியலூர் இறங்குபவர்களைப் பிரித்துப் பார்த்தேன். இன்னும் படுக்காமல் தனியாக இருந்தவர்களிடம் மட்டும் போய், “139 தெரியுமா?” என்று கேட்டேன். அந்த ரயில்வே உதவி எண்ணைக் கூப்பிட்டு டிக்கெட்டில் உள்ள பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்து வைத்தால் இறங்கும் இடத்துக்கு இருபது நிமிடம் முன்பு போன் வரும். வண்டி எங்கே வருகிறது என்பதைப் பார்த்துக் கூப்பிடுவதால், தாமதமானால் அழைப்பும் தள்ளிப் போகும். கடிகார அலாரத்துக்கு இது தெரியாது.

பட்டன் போன் வைத்திருந்த ஒரு அம்மாவுக்கு நானே பதிந்து கொடுத்தேன். வண்டி அரை மணி தாமதம். விருத்தாசலம் நெருங்கும்போது அவர் போன் அடித்தது. பக்கத்து பெர்த்காரரும் எழுந்து, “எனக்கும் போட்டுக் கொடுங்க சார், நான் அரியலூர்” என்றார்.