பழைய பில்லில் பழைய விலை

சிமெண்ட் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் பில் மென்பொருளை நான் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே ஒரு விலைக் கட்டம் இருந்தது. பில்லின் வரிகளிலோ சரக்கின் எண்ணும் மூட்டைகளின் எண்ணிக்கையும் மட்டுமே சேமிக்கப்பட்டன. பில்லை எப்போது திறந்தாலும் மென்பொருள் அன்றைய விலையை எடுத்துப் பெருக்கிக் காட்டிவிடும். பில் போட்ட நாளிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுவதால், அந்தக் குறை நெடுநாள் யார் கண்ணிலும் படவில்லை.

2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அடுத்த வாரம் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், செப்டம்பர் 10 அன்று வாங்கிய சரக்கில் 20 மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார். அடிப்படை விலை 300 ரூபாய், அன்றைய வரியோடு மூட்டைக்கு 384 ரூபாய். கிரெடிட் நோட் மூல பில்லில் உள்ள விலையிலும் வரி விகிதத்திலும்தான் அமைய வேண்டும் என்பதால், அவருக்கு 7,680 ரூபாய் வரவு வைத்திருக்க வேண்டும். மென்பொருளோ மூட்டைக்கு 354 ரூபாய் என்று கணக்கிட்டு 7,080 ரூபாய்க்குத் தாள் அச்சிட்டது. அவர் தம்மிடம் இருந்த பில்லைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எங்கள் திரையில் அதே எண்ணுள்ள பில் வேறு தொகையைக் காட்டியது. எங்கள் கணக்கர் அண்ணாச்சி என்னை அழைத்து, "தம்பி, நாம் கொடுத்த பில்லை நாமே மறுப்பது போல அல்லவா இருக்கிறது?" என்று கேட்டது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

அன்றிரவே விலையைத் தனி அட்டவணைக்கு மாற்றும் வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு வரிசையிலும் சரக்கு எண், விலை, வரி விகிதம், அவை நடைமுறைக்கு வந்த நாள், முடிந்த நாள் ஆகியவை இருக்கும். விலை மாறும்போது பழைய வரிசையை அழிக்காமல், அதன் முடிவு நாளை நிரப்பிவிட்டுப் புதிய வரிசையைச் சேர்க்க வேண்டும். குறிப்பிட்ட நாளின் விலையை இப்படி எடுக்கலாம்:

```sql
SELECT price, tax_rate FROM product_price
WHERE product_id = 17
  AND valid_from <= '2025-09-10'
  AND (valid_to > '2025-09-10' OR valid_to IS NULL);
```

தொடக்க நாள் கணக்கில் சேரும், முடிவு நாள் சேராது. இரண்டையும் சேர்த்துக்கொண்டால் செப்டம்பர் 22-க்கு இரண்டு விலைகள் கிடைக்கும். முந்தைய வரிசையை 21-உடன் முடித்து இரண்டையும் விலக்கினால், 21, 22 ஆகிய இரு நாட்களுக்கும் விலையே கிடைக்காது. சோதனையில் வேறொரு பிழையும் தெரிந்தது. லாரிகளுக்கு அதிகாலை ஐந்து மணிக்கே பில் போடுவோம்; சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியதால், அதற்கு அப்போது முந்தைய நாள் இரவு பதினொன்றரை மணி. எனவே விலை மாறிய நாளின் முதல் சில பில்கள் பழைய விலையில் விழுந்தன. சர்வர் தேதியை நம்பாமல், பில்லில் அச்சாகும் இந்தியத் தேதியையே தேடலுக்குக் கொடுத்த பிறகுதான் அது சரியானது.

இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணியிருந்தேன். நவம்பர் 5 அன்று, மூட்டைக்கு 8 ரூபாய் உயர்வு 1-ஆம் தேதியிலிருந்தே நடைமுறைக்கு வருவதாகத் தயாரிப்பாளரின் சுற்றறிக்கை வந்தது. அலுவலகத்தில் அதை 1-ஆம் தேதியிட்டு முறைப்படியே பதிவு செய்தார்கள். ஆனால் 3-ஆம் தேதி 40 மூட்டைகளுக்கு 14,160 ரூபாய்க்குக் கொடுத்த பில், அப்படிப் பதிவு செய்த மறுநாள் திறந்து பார்த்தபோது 14,537 ரூபாய் 60 காசாக மாறியிருந்தது.

நான் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த நாளில் விலை என்னவாக இருந்திருக்க வேண்டும் என்பதை வரலாற்று அட்டவணை சொல்லும். அந்த விடை பின்னால் திருத்தப்படலாம். வாடிக்கையாளரிடம் உண்மையில் என்ன வாங்கினோம் என்பதைப் பில் சொல்ல வேண்டும். அது திருத்தப்படவே கூடாது. பேரம் பேசிக் குறைத்துக் கொடுத்த விலை எந்த விலைப்பட்டியலிலும் இருக்கப் போவதில்லை என்பதையும் நான் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. அதனால் பில் உறுதியாகும் கணத்தில் விலை, தள்ளுபடி, வரி விகிதம் ஆகிய மூன்றையும் பில்லின் வரியிலேயே எழுதிப் பூட்டினேன். நவம்பர் 3-ஆம் தேதி பில்லின் வாடிக்கையாளரிடம் அந்த உயர்வை வசூலிப்பது என்று முதலாளி முடிவு செய்தபோது, பில்லைத் தொடாமல் தனியாக டெபிட் நோட் போட்டோம். வரலாற்று அட்டவணையில் பதிவு செய்த நாளையும் ஒரு கட்டமாகச் சேர்த்தேன். 5-ஆம் தேதி வந்த உயர்வு 3-ஆம் தேதி பில்லில் ஏன் இல்லை என்று ஆடிட்டர் கேட்டால், அந்தக் கட்டமே விடை தரும்.

மீதமிருந்தது, விலையே எழுதப்படாத பழைய பில்களை நிரப்பும் வேலை. அட்டவணையிலிருந்து மொத்தமாக நிரப்பிவிடும் எளிய வழியை நான் ஏற்கவில்லை. அண்ணாச்சி கோப்புகளில் கட்டி வைத்திருந்த பில் நகல்களை எடுத்து, தொகையை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு ஏற்றினோம். நகல் கிடைக்காதவற்றில் மட்டும் அட்டவணை விலையை இட்டு, அது ஊகித்த விலை என்ற அடையாளத்தையும் பக்கத்திலேயே பதிந்தோம். அந்த அடையாளம் உள்ள பில்லின்மீது யாராவது கிரெடிட் நோட் போட முயன்றால், வாடிக்கையாளரிடம் உள்ள பில்லைப் பார்த்துத் தொகையை உறுதி செய்யும்படி மென்பொருள் கேட்டு நிற்கும்.