பாதி அறிமுகத்தில் வார்த்தை நின்றபோது

கும்பகோணத்தில் எங்கள் வாசகர் வட்டம் நடத்திய நூல் வெளியீட்டில், சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மூன்று நிமிடம். விருந்தினர் ஓய்வு பெற்ற பொறியாளர். காவிரிப் பாசன வாய்க்கால்களைப் பற்றி எழுதுபவர். ஒரு பக்கத்துக்கு அழகாக எழுதி, ஒரு வாரம் சமையலறையில் நின்று சொல் பிசகாமல் மனப்பாடம் செய்தேன். தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். பார்க்காமல் பேசுவதுதான் மரியாதை என்று அப்போது நினைத்திருந்தேன்.

முதல் ஒரு நிமிடம் நன்றாகத்தான் போனது. “பணியில் இருந்தபோதே வாய்க்கால் கரைகளில் நடந்து பழைய மதகுகளைக் கணக்கெடுத்தார்” என்று ஒரு வரி. அதைத் தாண்டி, அவர் வாங்கிய விருதைச் சொல்லி, அடுத்த பத்திக்கு வந்தேன். அதுவும் “பணியில் இருந்தபோதே” என்றுதான் தொடங்கும். அதன்பின் “விவசாயிகளிடம் கேட்ட செய்திகளைக் குறித்து வைத்தார்” என்று போக வேண்டும். என் வாய் “வாய்க்கால் கரைகளில் நடந்து” என்று பழைய தடத்தில் ஏறிவிட்டது. பாதி வரியில் உறைத்தது, இதை ஏற்கெனவே சொல்லிவிட்டோம் என்று. அவ்வளவுதான். எதிரே இருந்த முகங்கள் தெரிந்தன, மேடைக்குப் பின்னால் ஓடிய மின்விசிறியின் சத்தம் கேட்டது, அடுத்த சொல் மட்டும் இல்லை.

அங்கே நான் செய்தது எல்லாமே தப்பு. முதலில் மேலே விட்டத்தைப் பார்த்தேன். பிறகு “மன்னிக்கவும், மறந்துவிட்டது” என்றேன். அதுவரை நான் மூச்சு வாங்குகிறேன் என்று நினைத்திருந்தவர்களுக்கும் அதன்பின் விஷயம் தெரிந்துவிட்டது. அப்புறம் அவர் பிறந்த ஊரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அதே வேகத்தில் வந்து அதே “பணியில் இருந்தபோதே”வில் இரண்டாம் முறை நின்றேன். விருந்தினரே சிரித்துக்கொண்டு, “போதும்மா, மிச்சத்தை நானே சொல்லிடுறேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டு எழுந்தார். அவர் பெருந்தன்மையால் தப்பித்தேன். ஆனால் கடைசிவரை அவர் பெயரைச் சொல்லி நான் மேடைக்கு அழைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. மறந்ததைவிட அதுதான் அதிகம் உறுத்தியது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். கோயில் விழா, பள்ளி ஆண்டு விழா, பட்டிமன்றம் என்று பல வருடம் தொகுத்தவர். அவரிடம் போய்ப் புலம்பினேன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “எந்த வரியில நின்ன? அதை எழுதிக் காட்டு” என்றார். எழுதியதும் இரண்டு “பணியில் இருந்தபோதே”வையும் பென்சிலால் வட்டமிட்டார். “ஒரே மாதிரி தொடங்குற ரெண்டு வரி வெச்சிருக்க. ரயில் தண்டவாளம் பிரியுற இடம் மாதிரி இது. மனப்பாடமா ஓடுற வாய்க்கு எந்தப் பக்கம் போகணும்னு தெரியாதும்மா.”

வாழ்க்கைக் குறிப்புகளில் இந்தப் பொறி எப்போதும் இருக்கும். “அவர் எழுதிய”, “அவர் பெற்ற”, “அந்த ஆண்டில்” என்றே வரி வரியாகப் போகும். சொல் சொல்லாகப் பாடம் செய்தால் ஒவ்வொரு சொல்லும் அடுத்ததைக் கைபிடித்து இழுத்து வருகிறது. ஒரு கை நழுவினால் அதற்குப் பிந்தியதெல்லாம் போய்விடுகிறது. முதலிலிருந்து தொடங்கியும் ஏன் அதே இடத்தில் நின்றேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதே சங்கிலிதானே, அறுந்த கண்ணியும் அதேதானே.

நீளமான பேச்சுக்குத்தான் இப்படி ஆகும் என்பதும் இல்லை. அமெரிக்க அதிபரின் பதவி உறுதிமொழி மொத்தமே 35 சொற்கள். 2009 ஜனவரி 20 அன்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தாளைப் பார்க்காமல் அதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு சொல் இடம் மாறிவிட்டது. ஒபாமா பாதியில் நின்று, அவர் திருத்திக்கொள்ள இடம் கொடுத்தார். மறுநாள் வெள்ளை மாளிகையில் வைத்து மறுபடி உறுதிமொழி எடுத்தார்கள். உலகமே பார்க்கும் மேடையில் தலைமை நீதிபதிக்கே நேர்ந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் வசதியான சமாதானம்தான்.

ஆசிரியர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மறக்காமல் இருக்கும் வழி இல்லை. “மறக்கத்தான் செய்யும். மறந்தா எங்க போய் நிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோ” என்றார். அதன்படி அறிமுகத்தை வரிகளாகப் பாடம் செய்வதை விட்டுவிட்டு, ஐந்து நிறுத்தங்களாகப் பிரித்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொல். அவற்றைக் கெட்டியான அட்டையில் பெரிதாக எழுதினேன். மெல்லிய தாள் என்றால் கை நடுங்குவதை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். அட்டையின் உச்சியில் விருந்தினரின் முழுப் பெயர், முன்னெழுத்தோடு. கடைசியில் “அழைக்கிறேன்” என்று முடியும் ஒரு முழு வாக்கியம். சொல் சொல்லாகப் பாடம் செய்தது அந்த ஒன்றை மட்டும்தான். எங்கே தடுமாறினாலும் அங்கே தாவிவிடலாம்.

பயிற்சியும் மாறியது. என் மகளை எதிரே உட்கார வைத்து, அவளுக்குத் தோன்றும்போதெல்லாம் “நிறுத்து” என்று கத்தச் சொன்னேன். அவள் கத்தியதும் வாயை மூடி, மூச்சை விட்டு, அட்டையைப் பார்த்து, அடுத்த நிறுத்தத்திலிருந்து தொடர வேண்டும். விட்டுப்போன இடத்தைத் தேடக் கூடாது. முதல் நாள் ஒவ்வொரு “நிறுத்து”க்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான்காம் நாள் அவளுக்குத்தான் அலுத்துப்போனது. எனக்கோ எந்த நிறுத்தத்திலிருந்தும் கிளம்ப வந்துவிட்டது.

அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து, ஒரு இசை விழாவில் கிடைத்தது. விருந்தினர் நரசிங்கன்பேட்டையில் நாகசுரம் செய்யும் ஆசாரி. ஆடுதுறைக்குப் பக்கத்து ஊர். அங்கே செய்யும் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அட்டையில் என் ஐந்து சொற்கள்: ஊர், ஆச்சா, உலவு, குறியீடு, தந்தை. ஊரைப் பற்றிச் சொன்னேன். ஆச்சா மரத்துக்கு வந்தேன். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்திரங்களையும் வாங்கி வந்து நாகசுரம் கடைவார்கள் என்றேன். அந்த நேரம் பார்த்து விழாக் குழுத் தலைவர் உள்ளே நுழைய, முன்வரிசையே எழுந்து வணக்கம் வைத்தது. நான் அதைப் பார்த்தேன். திரும்பினால், சொல் இல்லை.

இந்த முறை என்ன நடந்தது என்பதை வரிசையாகவே சொல்கிறேன். வாயை மூடினேன். “வந்து”, “அது வந்து” என்று இழுக்கவில்லை. தலையை மேலே தூக்காமல் விருந்தினர் பக்கம் திருப்பினேன். நாம் அவரைப் பார்த்தால் கூட்டமும் அவரைத்தான் பார்க்கிறது. யாரும் என் முகத்தில் எதையும் தேடவில்லை. மூச்சை முழுசாக வெளியே விட்டேன். இழுத்துப் பிடித்தால் குரல் உடைகிறது, விட்டால்தான் அடுத்த சொல் ஒழுங்காக வெளியே வருகிறது. பிறகு கடைசியாகச் சொன்னதையே வேறு சொற்களில் சொன்னேன்: “ஒரு வீட்டைத் தாங்கி நின்ற மரம், இவர் கைக்கு வந்தால் பாட ஆரம்பிக்கிறது.” எழுதி வைத்த வரி இல்லை அது. பொய்யும் இல்லை, புதுத் தகவலும் இல்லை. இப்படித் திருப்பிச் சொல்லும்போது பெரும்பாலும் அடுத்தது தானே வந்துவிடும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். எனக்கு வரவில்லை.

சரி என்று அட்டையை, ஒளிக்காமல், குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் “ஆச்சா”வின் மேல் இருந்தது. பேசும்போது விரலை நிறுத்தத்துக்கு நிறுத்தம் கீழே இறக்கிக்கொண்டே வருவது என் பழக்கமாகியிருந்தது; இல்லாவிட்டால் பதற்றத்தில் எந்த வரியில் இருக்கிறோம் என்றே தெரியாது. அடுத்த சொல் “உலவு”. நாகசுரத்தின் நீண்ட மரக்குழலுக்கு அந்தப் பெயர். கீழே விரியும் வாய்ப்பகுதி அணைசு. அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆச்சா மரத்தைப் பற்றி இன்னும் இரண்டு வரி இருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். பின்னால் நினைவு வந்தபோதும் “சொல்ல மறந்துவிட்டேன்” என்று திரும்பிப் போகவில்லை. விட்டது எது என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

பெயர், ஆண்டு, விருது இவற்றுக்கு மட்டும் இந்த வித்தை ஆகாது. அந்த இடத்தில் நினைவு தடுமாறினால் தாளைப் பார்த்துப் படித்துவிட வேண்டும். “ஆண்டைச் சரியாகச் சொல்ல வேண்டும், பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிப் பார்த்தால்கூடக் கௌரவமாகத்தான் இருக்கும். இட்டு நிரப்பப் போனால் வம்பு. ஒரு திருமண வரவேற்பில், வார்த்தை தடைப்பட்ட தொகுப்பாளர் சமாளிப்பதற்காக விருந்தினருக்கு முனைவர் பட்டம் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் மைக்கைப் பிடித்ததும் முதல் வேலையாக அதை மறுக்க வேண்டியிருந்தது.

“தந்தையிடம் கற்ற கைத்தொழிலை இன்றும் கைவிடாத...” என்று முடித்து, அட்டையின் உச்சியைப் பார்த்து முழுப் பெயரைச் சொல்லி அழைத்தேன். முன்பு பண்ணிய பாவத்துக்குப் பரிகாரமாகப் பெயரை இரண்டு முறை சொன்னேன்.

அன்றிரவு மகள் கைப்பேசியில் எடுத்த காணொளியைப் போட்டுப் பார்த்தோம். மேடையில் ஒரு யுகமாகத் தெரிந்த அந்த மௌனம் நான்கு விநாடி. பழைய விழாவின் பதிவையும் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் பதினொன்று, அதுவும் “மன்னிக்கவும்” சொல்வதற்கு முன்னால் வந்தது மட்டும். நான்கு விநாடியை யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை, ஒருவரைத் தவிர. காணொளியின் ஓரத்தில் மைக்செட் தம்பி சட்டென்று எழுந்து பெட்டியிடம் ஓடுவது தெரிகிறது. விழா முடிந்ததும் என்னிடம் வந்து, “அக்கா, நடுவுல மைக் கட்டாயிடுச்சோன்னு பயந்துட்டேன். வயரை ஆட்டினதும் வந்துருச்சு, பாத்தீங்களா?” என்றான். நன்றி சொன்னேன்.