பயிலரங்கு அறிவிப்பை நாங்கள் எழுதிய விதம்

சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. மாதம் பிறந்தால் போதும், ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வரும்: "பேங்க் ஸ்டேட்மெண்ட்ல ஒரு தொகை இருக்கு, எங்க கணக்குல வேற தொகை இருக்கு. எதை நம்புறது?" எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று ஆன்லைனில் ஒரு பயிலரங்கு ஏற்பாடு செய்தோம். அறிவிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் வரைவுக்கு முன்பே அலுவலகத்தில் பேச்சு நீண்டது. வங்கிக் கணக்குச் சரிபார்ப்போடு வரித் தயாரிப்பு, பில் வசூல் எல்லாவற்றையும் சேர்த்தால் நிறையப் பேர் வருவார்கள் என்றார் சக ஊழியர். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று விஷயம் போட்டால், ஒன்று மட்டும் தேவைப்படுகிறவர் மீதி நேரம் வீண் என்று கணக்குப் போட்டுவிடுவார். அதனால் ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டோம்: பயிலரங்கு முடிந்து எழுந்திருக்கும்போது வாடிக்கையாளரிடம் எந்த வேலை முடிந்திருக்கும்? 'வங்கிக் கணக்குச் சரிபார்ப்பின் அடிப்படைகள்' என்பது தலைப்புதான், பயன் இல்லை. 'போன மாத வங்கி ஸ்டேட்மெண்ட்டும் உங்கள் கணக்கும் ஒத்துப்போயிருக்கும்' என்பது பயன்.

அந்த வரியை எழுதியதும் பயிலரங்கின் வடிவமே மாறியது. சொன்னதைச் செய்து காட்ட வேண்டுமே! விளக்கத்தை இருபது நிமிடத்தில் முடித்து, மீதி நேரம் முழுவதும் அவரவர் கணக்கை அவரவர் பார்ப்பது என்று வைத்தோம். வாக்குறுதிக்கு எல்லையும் தேவைப்பட்டது. ஆறு மாதக் கணக்கு தேங்கிக் கிடப்பவருக்கோ, நாலைந்து வங்கிக் கணக்கு வைத்திருப்பவருக்கோ ஒன்றரை மணி நேரத்தில் முடியாது. 'ஒரு மாதம், ஒரு வங்கிக் கணக்கு' என்று வெளிப்படையாகப் போட்டோம்.

தேதியையும் அந்தப் பயனே முடிவு செய்தது. போன மாத ஸ்டேட்மெண்ட் எல்லோர் கையிலும் வந்திருக்க வேண்டும், கணக்கில் பதிவுகளும் ஏறியிருக்க வேண்டும். ஆகவே மாதத்தின் இரண்டாவது வாரம். 'வரும் வியாழன்' என்று எழுதவில்லை; கடிதத்தை நாலு நாள் கழித்துத் திறப்பவருக்கு அது எந்த வியாழன் என்று தெரியாது. கிழமை, தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம் நான்கையும் ஒரே வரியில் கொடுத்தோம். முடியும் நேரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தன் வேலையை ஒதுக்கி வருகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.

பதிவுக்குப் படிவம் வைக்கலாமா என்று யோசித்தோம். பெயர், நிறுவனம், போன் என்று எங்களிடம் ஏற்கெனவே இருப்பதையே மறுபடி கேட்பதில் அர்த்தமில்லை. பதில் மெயிலில் ஒரு சொல் போதும் என்று முடிவு செய்தோம். இது இருபது பேர் போன்ற சிறு கூட்டத்துக்குத்தான் சரிவரும். பெரிய கூட்டமென்றால் பதில்களைக் கையால் தொகுக்க முடியாது, படிவம்தான் வழி.

கடைசியில் அனுப்பியது இதுதான்:

"தலைப்பு: மார்ச் 12: பிப்ரவரி வங்கிக் கணக்கைச் சேர்ந்தே சரிபார்ப்போம்

வணக்கம். மார்ச் 12, வியாழன், காலை 10 முதல் 11.30 வரை ஆன்லைனில் சந்திப்போம். முடியும்போது உங்கள் பிப்ரவரி மாத வங்கி ஸ்டேட்மெண்ட்டும் கணக்கும் ஒத்துப்போயிருக்கும் (ஒரு வங்கிக் கணக்குக்கு மட்டும்). கட்டணம் இல்லை. 20 இடங்கள்.

வர விரும்பினால் மார்ச் 9-க்குள் இந்த மெயிலுக்கு 'வருகிறேன்' என்று பதில் அனுப்புங்கள். இணைப்பை நாங்கள் அனுப்புகிறோம்."

தலைப்பில் தேதியை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. போனில் தலைப்பின் பின்பாதி வெட்டுப்பட்டுப் போகும்; வெட்டுப்பட்டாலும் தேதி தெரிய வேண்டும்.

அனுப்புவதற்கு முன் இரண்டு விஷயத்தைப் பார்த்தோம். பதில் போய்ச் சேரும் முகவரியை ஒருவர் தினமும் திறந்து பார்க்கிறாரா என்பது ஒன்று. பதில் வாங்காத தானியங்கி முகவரியிலிருந்து போனால் 'வருகிறேன்' எங்கேயோ தொலைந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெயிலாகப் போகிறதா என்பது இன்னொன்று. எல்லா முகவரியையும் ஒரே வரியில் போட்டால் வாடிக்கையாளர்கள் யார் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதோடு ஒருவர் 'ரிப்ளை ஆல்' கொடுத்தால் அவர் பதில் எல்லோர் பெட்டியிலும் விழும்.

பயிலரங்குக்குச் சுமார் பத்து நாள் முன்பு அனுப்பினோம். வந்த பதில்களைப் படித்தபோதே அறிவிப்பு தெளிவாக இருந்ததா என்று தெரிந்தது. யாரும் நேரத்தைக் கேட்கவில்லை, கட்டணத்தையும் கேட்கவில்லை. "ஸ்டேட்மெண்ட்டை எந்த வடிவத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்?" என்று மட்டும் சிலர் கேட்டார்கள். பதிவு செய்தவர்களுக்கு அனுப்பிய உறுதிக் கடிதத்தில் அதற்கான பதிலையும், இணைப்பையும், திறந்தால் காலண்டரில் நிகழ்ச்சியைச் சேர்க்க உதவும் .ics கோப்பையும் சேர்த்தோம். முந்தின நாள் இரண்டு வரியில் ஒரு நினைவூட்டலும் போனது.

"அன்றைக்கு முடியாது, அடுத்த மாதம் நடத்தினால் சொல்லுங்கள்" என்று எழுதியவர்களை ஒரு தனிப் பட்டியலில் வைத்தோம். ஏப்ரல் பயிலரங்கின் அறிவிப்பு முதலில் அவர்களுக்குத்தான் போனது, அதே மெயில், மாதமும் தேதியும் மட்டும் மாற்றி.