22.12 எங்கிருந்து வந்தது?

மாலை நேர எம்பிஏ வகுப்பில் ஒரு பங்குக்கு மூன்று வரி அட்டவணை கொடுத்தார்கள். பொருளாதாரம் செழித்தால் 30% லாபம், அதற்கு வாய்ப்பு 0.25. வழக்கம்போல் ஓடினால் 12%, வாய்ப்பு 0.50. மந்தமானால் 14% நஷ்டம், வாய்ப்பு 0.25. எதிர்பார்க்கும் வருமானமும், அதிலிருந்து வருமானம் எவ்வளவு விலகி அலையும் என்று சொல்லும் திட்ட விலக்கமும் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் பாதி சிக்கலில்லை. வருமானத்தை வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினேன்: 7.5 + 6 − 3.5 = 10%. எந்த வரியிலும் இல்லாத 10 எப்படி விடையாகும் என்று கொஞ்சம் உறுத்தியது. இதே ஆண்டு திரும்பத் திரும்ப வந்தால் சராசரியாகக் கிடைப்பது அது, அவ்வளவுதான்.

அடுத்ததுக்கு எக்செல்லில் மூன்று வருமானங்களையும் தேர்ந்தெடுத்து `STDEV.S` போட்டேன். 22.12 வந்தது. செம்பூரில் எங்கள் மாடியில் இருக்கும், வங்கியில் ஓய்வு பெற்ற மாமாவிடம் காட்டினேன். பழைய பால் பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "15.68 தானேடா வருது? நீ வாய்ப்பை எங்கே சேர்த்தே?" என்றார்.

சேர்க்கவே இல்லை. அந்த ஃபார்முலாவுக்கு வாய்ப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. மூன்றும் சம வாய்ப்புள்ள மாதிரிகள் என்று எடுத்துக்கொண்டு 9.33-ஐ சராசரியாக வைத்து, கடைசியில் இரண்டால் வகுக்கிறது. நம் கையில் இருப்பதோ கடந்த கால மாதிரி இல்லை, முழு அட்டவணை.

மாமா செய்தது இது. 10-இலிருந்து விலகல்கள்: 20, 2, −24. இவற்றை அப்படியே வாய்ப்பால் பெருக்கினால் 5 + 1 − 6, பூஜ்யம். எந்த அட்டவணையிலும் இது பூஜ்யமாகத்தான் வரும். வராவிட்டால் சராசரியிலோ வாய்ப்புகளின் கூட்டலிலோ தப்பு என்று அர்த்தம். அதனால்தான் வர்க்கம்: 400, 4, 576. வாய்ப்பால் பெருக்கினால் 100 + 2 + 144 = 246. இது வேரியன்ஸ். வர்க்கமூலம் 15.68%.

வாய்ப்புகள் B-யிலும் வருமானங்கள் C-யிலும் இருந்தால்:

```
E2: =SUMPRODUCT(B2:B4,C2:C4)
E3: =SQRT(SUMPRODUCT(B2:B4,(C2:C4-E2)^2))
```

246-இல் 144 மந்த வரி மட்டும் கொடுத்தது. அப்புறம் விளையாட்டாக, செழிப்பிலிருந்து 0.05-ஐ எடுத்து மந்தத்தில் போட்டுப் பார்த்தேன். எதிர்பார்க்கும் வருமானம் 10-இலிருந்து 7.8-க்கு இறங்கியது. திட்ட விலக்கம் 15.81, ஏறக்குறைய அதே இடம். திட்ட விலக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் மாறவில்லை என்றே நினைத்திருப்பேன். 0.25 என்று எழுதியவர் அதை எதை வைத்து எழுதினார் என்று அடுத்த வகுப்பில் கேட்டேன். "கணக்குக்காகப் போட்டது" என்றார்.