மூன்று மணி நேரப் பேட்டி, எண்ணூறு சொல் கட்டுரை

நீரோடிக்கு அந்தப் பக்கம் பொழியூர், கேரளம். இந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டம். இரண்டு கரையிலும் பையன்கள் பந்தோடுதான் வளர்கிறார்கள். இந்தக் கரையைச் சேர்ந்த ஒரு முன்வரிசைக் கால்பந்து வீரரைப் பேட்டி எடுத்தேன். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர், அதனால் பெயர் வேண்டாம். மூன்று மணி நேரம் பேசினார். எழுதி எடுத்தால் பதினாலாயிரம் சொல்லுக்கு மேல் வந்தது. ஆசிரியர் கொடுத்த இடமோ எண்ணூறு சொல். அதுவும் கேள்வி பதில் வேண்டாம், ஆளைப் பற்றிய கட்டுரையாக வேண்டும் என்றார்.

முதலில் என் கேள்விகளை எல்லாம் அடித்துவிட்டேன். கேள்வி போனதும், கேட்காமலே அவர் திரும்பத் திரும்ப எதற்குப் போகிறார் என்பது தெரிய ஆரம்பித்தது. பள்ளி, பயிற்சியாளர், முதல் பூட்ஸ் எல்லாம் கேட்டதால் சொன்னவை. தானாகப் போனதெல்லாம் மலப்புறத்துச் செவன்ஸ் ஆட்டங்களுக்குத்தான். பக்கத்துக்கு ஏழு பேர், ராத்திரி விளக்கு வெளிச்சம், தற்காலிக கேலரி. ஆனால் செவன்ஸுக்கு அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரம் கிடையாது. அங்கே போட்ட கோல் எந்த அதிகாரப்பூர்வக் கணக்கிலும் ஏறாது. இவர் நன்றாக ஆடிய வருஷங்களுக்குப் பதிவே இல்லை என்பதுதான் கட்டுரை என்று முடிவு செய்தேன். இதோடு ஒட்டாதது எவ்வளவு சுவையாக இருந்தாலும் வெளியே.

அப்படிப் பார்த்தால் ஒக்கிப் புயலைப் பற்றி அவர் பேசிய நீண்ட பகுதியும் போக வேண்டும். மனசு கேட்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் புயல் வந்தது, செவன்ஸ் சீசன் தொடங்கும் சமயம். அந்த வருஷம் அவர் மலப்புறம் போகவில்லை, ஊரில் காணாமல் போனவர்களைத் தேடுகிற வேலையில் இருந்தார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் நின்றது. இந்தக் கரையைப் பற்றிய எழுத்துகளில் ஒக்கி அலங்காரமாக வருவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது என்பதும் ஒரு காரணம்.

தொடக்கத்துக்கு எடுத்த இடம் பதிவில் இப்படி இருந்தது: “மஞ்சேரி பக்கம் ஒரு டூர்ணமென்ட், இல்ல, அரீக்கோடு, ஆமா அரீக்கோடுதான், ராத்திரி பத்து மணி இருக்கும், மூங்கில் கேலரி, விழுந்துருமோன்னு நமக்கே பயம், கோல் போட்டதும் எல்லாரும் பேரச் சொல்லி விளிச்சாங்க, மறுநாள் பஸ்ல வர்றேன், கண்டக்டர் எங்க போய்ட்டு வர்றன்னு கேட்டாரு, கல்யாணத்துக்குன்னு சொன்னேன்.”

அச்சில் போனது: அரீக்கோட்டில் இரவு பத்து மணிக்கு மூங்கில் கேலரி முழுக்க அவர் பெயரைக் கூவியது. மறுநாள் பேருந்தில், எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கண்டக்டர் கேட்டார். “கல்யாணத்துக்குன்னு சொன்னேன்.”

மேற்கோள் குறிக்குள் வைத்தது கடைசித் துண்டை மட்டும். தகவலை நானே சொல்லிவிடலாம், அவர் மட்டுமே சொல்லக்கூடியதுதான் அவர் வாயில் வர வேண்டும். ஒரு மணி நேர இடைவெளியில் சொன்ன இரண்டு வாக்கியங்களை ஒரே மேற்கோளாகத் தைப்பதும் கூடாது. கூலியைப் பற்றி முதலில் ஒன்றும் கடைசியில் ஒன்றும் சொல்லியிருந்தார். சேர்த்தால் அழகாக இருக்கும், ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. நடுவில் என் வாக்கியம் ஒன்றைப் போட்டுத் தனித்தனியாக வைத்தேன்.

அப்புறம் சரிபார்ப்பு. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியின் 2022 இறுதியாட்டத்தை மஞ்சேரியில் நேரில் பார்த்ததாகவும், தொண்ணூறாவது நிமிடத்தில் கேரளம் சமன் செய்ததாகவும் சொன்னார். பழைய செய்திகளைப் புரட்டினால், இரண்டு கோலுமே கூடுதல் நேரத்தில் விழுந்தவை. வங்காளம் முந்தியது, முடியச் சில நிமிடம் இருக்கும்போது கேரளம் சமன் செய்து, பெனால்டியில் 5-4 என்று ஜெயித்தது. பொய் சொல்லவில்லை, நினைவு அப்படித்தான் சுருக்கிக்கொள்ளும். ஆனால் “ஒரே சீசன்ல நாப்பது கோல்” என்றாரே, அதைப் பார்க்க எந்த ஏட்டைப் புரட்டுவது? கூட ஆடிய ஒருவரிடம் கேட்டேன். “முப்பதுக்கு மேல இருக்கும்ணே, யாரு எண்ணினா” என்றார். எண்ணை விட்டுவிட்டு அந்தப் பதிலையே போட்டேன். கட்டுரைக்கு எண்ணைவிட அதுதான் பொருத்தம்.

அச்சுக்குப் போகும் முன்பு போனில் அவருக்குத் தகவல்களையும் மேற்கோள்களையும் வாசித்துக் காட்டினேன். முழுக் கட்டுரையை அல்ல. அதைக் காட்டினால் ஒவ்வொரு வரியும் பேரம் ஆகிவிடும். இறுதியாட்ட விஷயத்தைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஒரு ராத்திரிக்கு வாங்கிய தொகையை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். பேட்டியில் பதிவாகவே சொன்னதுதான், போட எனக்கு உரிமை உண்டு. ஆனால் தொகையை வைத்து டீமைக் கண்டுபிடித்துவிடலாம், அடுத்த சீசனுக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். “கடலுக்குப் போனால் கிடைக்கும் பங்கைவிட அதிகம்” என்று மாற்றிக் கேட்டேன். சரி என்றார். அது இரண்டு சொல் கூடுதல், ஒக்கி வாக்கியத்திலிருந்து எடுத்தேன்.